"நம்பர் போடுங்க" என்று ஏன் கேட்டார்கள்? மருதமுனைத் தறிச் சனல் ஒன்றின் முதல் வரிகள்

கிழக்கிலங்கையின் மருதமுனையில் கைத்தறி நெய்யும் ஒரு குடும்பம் யூடியூப்பில் சனல் நடத்துகிறது. நூலுக்குச் சாயம் போடுவது, பாவு ஓட்டுவது, தறியில் ஏற்றுவது, நெய்து முடித்த சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பது என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டுவார்கள். பார்க்கிறவர்களுக்குக் குறைவில்லை. கல்முனை, மட்டக்களப்பு ஆட்களோடு வெளிநாட்டில் இருக்கும் நம் சனமும் பார்க்கிறது. ஆனால் விற்பனை அதற்கேற்ப வரவில்லை. கொமென்டுகளைத் திறந்தால் திரும்பத் திரும்ப ஒரே விஷயம்: "விலை என்ன?", "எப்படி வாங்குறது?", "நம்பர் போடுங்க".

நம்பர் போட்டுத்தான் இருந்தது. ஒவ்வொரு காணொளியின் விவரப் பகுதியிலும் இருந்தது. சனலைப் பார்த்துக்கொள்பவர் அந்த வீட்டின் மூத்த மகள், நான் ராத்தா என்று கூப்பிடும் அக்கா. கல்முனைப் பக்கத்துச் சிறு கடைகளுக்கு இந்த மாதிரி வேலைகளைச் செய்துகொடுப்பவன் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "எல்லாரும் விலையத்தான் கேக்காங்க தம்பி. நாங்கதான் கீழ போட்டிரிக்கமே, அத ஏன் பாக்காம இரிக்காங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் அந்தக் கொமென்டுகளிலேயே இருக்கிறது. விவரப் பகுதியில் ஏற்கெனவே எழுதிவைத்த ஒன்றைக் கொமென்டில் பலர் கேட்டால், அவர்களுக்கு வாங்கும் ஆசை இருக்கிறது, எழுதியது கண்ணில் படவில்லை. ஆசையே இல்லாத இடத்தில் யாரும் விலை கேட்கப் போவதில்லை. அதனால் காணொளியையோ சேலையையோ சந்தேகப்படாமல் நேராக விவரப் பகுதிக்குப் போனோம்.

இருந்தது என்ன

அதிகம் பார்க்கப்பட்ட ஒரு சேலைக் காணொளியின் விவரம் ஏறக்குறைய இப்படி இருந்தது. முகவரிகளையும் இலக்கத்தையும் மறைத்திருக்கிறேன்.

```
அஸ்ஸலாமு அலைக்கும் அன்பு உறவுகளே!
எங்கள் சனலுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.
இன்றைய காணொளியில் எங்கள் ஊரின் பாரம்பரியக் கைத்தறிச்
சேலை எப்படி நெய்யப்படுகிறது என்று பார்க்கலாம்.
பிடித்திருந்தால் லைக், ஷேர், சப்ஸ்கிரைப் பண்ணுங்க.

பேஸ்புக்: https://www.facebook.com/...
டிக்டொக்: https://www.tiktok.com/@...
இன்ஸ்டகிராம்: https://www.instagram.com/...

தொடர்புகளுக்கு: wa.me/94077XXXXXXX
```

இதில் மூன்று சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இணைப்பு கடைசியில் இருந்தது. அதன் முன்னால் `https://` இல்லை. இலக்கமும் பிழை. முதலாவதைச் சரிசெய்யாமல் மற்ற இரண்டும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஏனென்றால் அந்த வரி வரைக்கும் யாருமே போகவில்லை. தவறான இலக்கம் அவ்வளவு காலம் அங்கே கிடந்ததற்கும் அதுதான் காரணம். "தட்டினேன், வேலை செய்யல" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். "முதல் வரியில் இணைப்பைப் போடு" என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த முதல் வரி எந்தத் திரையில் எப்போது தெரிகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. கணினியில் காணொளியின் கீழே விவரப் பெட்டி மூடியபடி இருக்கும். பார்வை எண்ணிக்கையும் திகதியும் ஹேஷ்டேக்குகளும் மேலே, அதன் கீழே விவரத்தின் முதல் இரண்டு மூன்று வரிகள், அப்புறம் `...more`. அங்கே முதல் வரியில் உள்ள இணைப்பு எதையும் தட்டாமலே தெரியும்.

கைபேசிச் செயலியில் கதை வேறு. தலைப்பு தெரியும். அதன் கீழே எத்தனை பேர் பார்த்தார்கள், எப்போது வந்தது, ஓரிரு ஹேஷ்டேக், `...more`. அவ்வளவுதான். விவரத்தின் ஒரு வரிகூடத் தெரியாது. தலைப்பையோ `...more` என்பதையோ தட்டினால்தான் கீழிருந்து ஒரு பலகை எழும்பி வரும். அந்தப் பலகையிலும் முதலில் வருவது தலைப்பு மறுபடியும், லைக், பார்வை, திகதி. அதற்குப் பிறகுதான் நாம் எழுதியது ஆரம்பிக்கும். மேல் பாதியில் காணொளி ஓடிக்கொண்டிருப்பதால் விரலால் தள்ளாமல் தெரிவது சில வரிகள்தான். தமிழ் எழுத்து அகலம் கூடியது, ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது நமக்கு இரண்டு வரியாகிவிடும். ராத்தாவின் கைபேசியில் திறந்து பார்த்தபோது அந்தச் சில வரிகளையும் ஸலாமும் வரவேற்பும் நிரப்பிக்கொண்டு நின்றன.

பார்வையாளர்களில் பெரும்பாலானோர் எந்தக் கருவியில் பார்க்கிறார்கள் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. யூடியூப் ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸில் `Device type` என்று ஓர் அறிக்கை இருக்கிறது. இந்தச் சனலுக்குக் கைபேசிதான் மிகப் பெரிய பங்கு. அடுத்தது தொலைக்காட்சி, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கணினி கடைசி. அதனால் எங்களுக்கு முன்னால் இருந்தது இரண்டு வேலை. பலகை திறந்ததும் தெரியும் வரிகளில் இணைப்பு நிற்க வேண்டும். அதற்கு முன்னால், பார்க்கிறவர் பலகையைத் திறக்கவே ஒரு காரணம் வேண்டும். முதலாவதை எழுத்தால் செய்யலாம், இரண்டாவதைக் காணொளிக்குள் பேசித்தான் செய்ய முடியும்.

இணைப்பை முதலில் உயிர்ப்பித்தல்

மேலே தூக்கி வைப்பதற்கு முன் இணைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். `https://` இல்லாமல் எழுதினால் அது தட்டக்கூடிய நீல இணைப்பாக மாறும் என்று நம்பியிருக்க முடியாது. முழு முகவரியையும் எழுதுவதுதான் பாதுகாப்பு.

வட்ஸ்அப் இணைப்பில் இலக்கத்தை எழுதும்போது நம் ஊரில் வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. நாம் 077 என்று சொல்லிப் பழகியவர்கள். நாட்டுக் குறியீடான 94 ஐ முன்னால் ஒட்டும்போது அந்த 0 அப்படியே நின்றுவிடுகிறது. வட்ஸ்அப்புக்கு 94 க்குப் பிறகு நேராக 77 வர வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி, சிறு கோடு எதுவும் கூடாது. 0 நின்றால் வட்ஸ்அப் திறக்கும், ஆனால் இப்படி ஓர் இலக்கம் இல்லை என்று சொல்லும். சரியான வடிவம் இது:

```
https://wa.me/9477XXXXXXX
```

இன்னொரு தடையும் இருக்கிறது, புதுச் சனல்கள் அதில்தான் மாட்டும். யூடியூப்பில் `Advanced features` என்ற படி கிடைக்காத சனல்களுக்கு விவரத்தில் போடும் வெளி இணைப்புகள் தட்டக்கூடியவையாக மாறாது, வெறும் எழுத்தாக நிற்கும். தறிச் சனல் பழையது என்பதால் அந்தச் சிக்கல் இருக்கவில்லை. அதே வீட்டில் பின்னர் தொடங்கிய சமையல் சனலுக்கு இருந்தது. ஸ்டூடியோவில் `Settings`, அதற்குள் `Channel`, அதற்குள் `Feature eligibility` என்று போனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியும். அடையாள அட்டையைக் காட்டியோ முகக் காணொளி எடுத்துக் கொடுத்தோ பெறலாம். அவை வேண்டாம் என்றால், ஒழுங்காக நடத்தி வரும் சனலுக்குக் காலப்போக்கில் தானாகக் கிடைக்கும்.

இதையெல்லாம் சோதிக்கும்போது சனல்காரரின் ஸ்டூடியோவுக்குள் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. இன்னொருவர் கைபேசியில், அவருடைய யூடியூப் கணக்கில், காணொளியைத் திறந்து தட்ட வேண்டும். நாங்கள் ராத்தாவின் தம்பியின் போனில் செய்தோம். எழுத்து நீலமாக இருந்ததா, தட்டியதும் வட்ஸ்அப் திறந்ததா, திறந்த உரையாடலில் இவர்களுடைய பெயர்தான் இருந்ததா என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனோம்.

வரியை எழுதியது

ராத்தா முதலில் செய்து வைத்திருந்த ஒரு யோசனை நல்லதுதான். தட்டியதும் "விலை என்ன" என்று எழுதிய செய்தியோடு வட்ஸ்அப் திறந்தால் பார்க்கிறவருக்குத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம். வட்ஸ்அப் இணைப்பில் `?text=` என்று சேர்த்து அதைச் செய்யலாம். ஆனால் தமிழை அங்கே போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். "விலை" என்ற ஒரே சொல் இணைப்புக்குள் இப்படி மாறுகிறது:

```
%E0%AE%B5%E0%AE%BF%E0%AE%B2%E0%AF%88
```

நம் கண்ணுக்கு இரண்டே எழுத்து, இணைப்பில் 36 குறிகள். ஒரு முழு வாக்கியம் எழுதினால் இணைப்பு பல வரி நீளும். யூடியூப் நீளமான முகவரியைத் திரையில் வெட்டி, கடைசியில் புள்ளி வைத்துக் காட்டும் என்பது உண்மை. ஆனாலும் அதே இணைப்பைப் பேஸ்புக்கிலோ வட்ஸ்அப் குழுவிலோ ஒருவர் நகலெடுத்துப் போட்டால் முழுவதும் விழும். சதவீதக் குறி நிறைந்த நீளமான இணைப்பைப் பார்த்தால் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தட்டவே பயப்படுகிறார்கள், அவர்கள் பயப்படுவதிலும் தப்பில்லை. மோசடி இணைப்புகள் அந்த முகத்தோடுதான் வருகின்றன.

அதனால் செய்தியைத் தமிழில் வைக்காமல் ஒரு சிறு குறியாக்கினோம். ஒவ்வொரு காணொளிக்கும் ஒரு குறி:

```
https://wa.me/9477XXXXXXX?text=S07
```

தட்டியதும் உரையாடல் பெட்டியில் S07 என்று இருக்கும், அனுப்பு என்பதை அமுக்கினால் போதும். அந்தக் குறியை வைத்து எந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு வந்தார் என்பது ராத்தாவுக்குத் தெரியும். "எந்தச் சேலை?" என்று கேட்டு, அவர் திரையைப் படம் பிடித்து அனுப்பி, இவர் தேடும் அந்த இழுபறி போய்விட்டது. இந்தச் சனலுக்கு நாங்கள் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி அந்த இணைப்பின் முன்னால் என்ன எழுதுவது? வெறும் இணைப்பு வேலை செய்யாது. தட்டினால் என்ன கிடைக்கும் என்பது அதே வரியில் இருக்க வேண்டும். "தொடர்புகளுக்கு" என்பது கடிதத் தாளின் சொல், பார்க்கிறவரின் கேள்வி அதில் இல்லை. அவர்கள் கொமென்டில் கேட்டதையே எடுத்தோம். விலை, வாங்கும் வழி. முதல் இரண்டு வரிகள் இப்படி ஆகின:

```
இந்தச் சேலையின் விலை, மற்ற நிறங்கள்:
https://wa.me/9477XXXXXXX?text=S07
```

ஒரே வரியில் போடலாமே என்று தோன்றும். கைபேசியில் போட்டுப் பார்த்தோம், வரி நடுவில் மடிந்து இணைப்பின் வால் அடுத்த வரிக்குப் போனது. எப்படியும் இரண்டு வரி ஆகப்போகிறது என்றால், உடையும் இடத்தை நாமே தீர்மானிப்பது நல்லது. கணினியின் மூடிய பெட்டியிலும் இரண்டு வரியும் தெரிந்தன. சொல் முதலில், இணைப்பு அதன் கீழே. படித்து முடிக்கும் இடத்தில் விரல் நிற்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று. இணைப்போடு வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். "இந்த `https://wa.me/...`இல் கேளுங்கள்" என்று இடைவெளியில்லாமல் எழுதினால் அந்த "இல்" இணைப்பின் பகுதியாகிவிடக்கூடும், முகவரி கெட்டுப்போகும். கடைசியில் வைக்கும் முற்றுப்புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் அதே ஆபத்து. இணைப்பைத் தனி வரியில் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், அம்புக்குறி போலக் காட்ட `>>>` போடும் ஆசை பலருக்கு உண்டு. யூடியூப் விவரத்தில் `<` என்பதையும் `>` என்பதையும் ஏற்றுக்கொள்ளாது, சேமிக்கவே விடாது.

பேஸ்புக், டிக்டொக், இன்ஸ்டகிராம் மூன்றையும் அடிக்கு இறக்கினோம். ராத்தாவுக்கு இதில் விருப்பமில்லை, எல்லாம் மேலே இருந்தால் நல்லதுதானே என்றார். என் அபிப்பிராயம் இதில் உறுதியானது. மேலே நான்கு நீல வரி நின்றால் விலை கேட்க வந்தவர் எதைத் தட்டுவது என்று நின்று யோசிக்கிறார். டிக்டொக்கைத் தட்டினால் அவர் இன்னொரு செயலிக்குப் போய் வேறெதையோ பார்க்கத் தொடங்கிவிடுவார், சேலை மறந்துவிடும். இந்தச் சனலுக்கு வேண்டியது விலை கேட்கும் ஒரு செய்தி. அதற்கு ஒரு இணைப்பு போதும். ஸலாமும் காணொளி பற்றிய விளக்கமும் இணைப்புக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. விவரத்துக்கு 5,000 எழுத்து வரை இடம் இருப்பதால் எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை, வரிசைதான் மாறியது.

ஹேஷ்டேக்குகளையும் தொட்டோம். விவரத்தில் போடும் ஹேஷ்டேக்குகளில் மூன்று வரை தலைப்பின் பக்கத்தில் யூடியூப் தானாகக் காட்டும். எங்கே எழுதினாலும் அது நடக்கும். அதனால் அவற்றுக்காக முதல் வரியை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, அடியில் எழுதினால் போதும்.

பலகையைத் திறக்க வைத்தது

எழுத்து சரியானதும் கைபேசிக்காரரின் கதை பாதிதான் முடிகிறது. அவர் தலைப்பைத் தட்டினால்தான் இதெல்லாம் தெரியும். காணொளியின் கடைசியில் ராத்தா "மேலதிக விவரங்களுக்கு டிஸ்கிரிப்ஷனப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதில் இரண்டு கோளாறு. கடைசி வரைக்கும் இருப்பவர்கள் கொஞ்சப் பேர். அதோடு, டிஸ்கிரிப்ஷன் என்றால் திரையில் எந்த இடம் என்பது வயதானவர்களுக்குத் தெரியாது, சேலை வாங்குகிறவர்களில் அவர்கள்தான் கூட.

எந்த நேரத்தில் கேள்வி எழுகிறது என்று பார்த்தோம். தறியிலிருந்து அறுத்த சேலையை இரண்டு பேர் பிடித்து விரித்து, முந்தானையைக் காட்டும் இடம் ஒன்று ஒவ்வொரு காணொளியிலும் உண்டு. விலை என்னவாக இருக்கும் என்று மனதில் ஓடும் இடம் அதுதான். அந்த இடத்தில் சொல்வதற்கு ஒரே வாக்கியம்: "இதுட விலை வேணுமெண்டா, வீடியோட தலைப்ப ஒருக்காத் தட்டுங்க, மேலயே இரிக்கி." தட்ட வேண்டிய இடத்தைச் சொல்கிறது, தட்டினால் எங்கே பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. சொல்லும் நேரத்தில் திரையின் அடியில் "தலைப்பைத் தட்டுங்கள்" என்ற எழுத்தும் வரும்.

பழைய காணொளிகளில் இந்த வாக்கியத்தைச் சேர்க்க முடியாது. ஏற்றிய காணொளியை எடுத்துவிட்டுத் திருத்தி மறுபடி ஏற்றினால் பார்வைகளும் கொமென்டுகளும் போய்விடும், அது வேண்டாத வேலை. அவற்றில் கொமென்டை நம்பினோம். இணைப்போடு ஒரு கொமென்ட் எழுதி மேலே பொருத்திவைத்தால் கொமென்டைத் திறக்கிறவர்களுக்கு அதுதான் முதலில் தெரியும். விலை கேட்க அங்கே போகிறவர்களுக்கு அது சரியான இடம். அந்த இணைப்புக்கு மட்டும் S07C என்று குறியை மாற்றினோம்.

ஏன் மாற்ற வேண்டும்? விவரத்தில் உள்ள வெளி இணைப்பை எத்தனை பேர் தட்டினார்கள் என்பதை யூடியூப் அனலிட்டிக்ஸ் காட்டாது. கார்டுகளுக்கும் இறுதித் திரைக்கும் அந்தக் கணக்கு உண்டு, விவர வரிக்கு இல்லை. குறிகளை எண்ணுவதுதான் எங்களுடைய அளவுகோல். S07 என்று வந்தால் விவரத்திலிருந்து, S07C என்று வந்தால் கொமென்டிலிருந்து. இதற்கும் எல்லை உண்டு. தட்டிவிட்டு அனுப்பாமல் திரும்பியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். சிலர் குறியை அழித்துவிட்டு "ஹலோ" என்று எழுதுவார்கள். ஆனாலும் எந்த இடம் வேலை செய்கிறது என்று ஒப்பிட இது போதும். வட்ஸ்அப்புக்குப் பதிலாக இணையக் கடைக்கு அனுப்புகிறவர்கள் இணைப்பின் வாலில் `?utm_source=youtube&utm_medium=description` என்று சேர்த்தால் கூகுள் அனலிட்டிக்ஸில் அதே வேலை நடக்கும்.

மாற்றிய பிறகு புதுக் காணொளிகளில் "நம்பர் போடுங்க" என்ற கொமென்ட் நன்றாகக் குறைந்தது. குறியோடு வரும் செய்திகளில் பெரும்பகுதி விவரத்திலிருந்து வந்தது. பழையவற்றில், அந்த வாக்கியம் பேசப்படாதவற்றில், கொமென்ட் குறிதான் கூட. முதல் வரி தன்னால் மட்டும் வேலை செய்வதில்லை, யாராவது அதைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்பதை நான் இதில்தான் தெளிவாகப் பார்த்தேன்.

பழைய காணொளிகள், ஷோர்ட்ஸ், தொலைக்காட்சி

பழைய காணொளிகள் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் திருத்தவில்லை. கடந்த 28 நாளில் இன்னும் பார்வை வரும் காணொளிகளை அனலிட்டிக்ஸில் எடுத்து, அவற்றின் முதல் வரிகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றினோம், ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி என்பதால். மற்றவற்றுக்குக் கணினியில் ஸ்டூடியோவைத் திறந்து, காணொளிகளைத் தெரிவுசெய்து, `Edit`, `Description`, அதில் `Insert at beginning` என்று போய் ஒரே பொதுவான வரியை எல்லாவற்றின் தலையிலும் ஏற்றினோம். இப்படிச் செய்யும்போது முதலில் ஒரே ஒரு காணொளியில் செய்து பார்ப்பது நல்லது. பிழையான இலக்கம் ஒன்று போனால் எல்லாவற்றிலும் போகும்.

இவ்வளவுக்கும் மூல காரணம் `Upload defaults`. ஸலாமும் மூன்று சமூக வலை இணைப்புகளும் அங்கேதான் சேமித்து வைக்கப்பட்டிருந்தன, புதுக் காணொளி ஏற்றும்போதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. அதை மாற்றாமல் விட்டிருந்தால் அடுத்த காணொளியில் பழைய கதைதான். இப்போது அதன் முதல் இரண்டு வரி இணைப்பு, குறியின் இடத்தில் `S00` இருக்கிறது. ஏற்றும்போது எண்ணை மாற்றினால் போதும். S00 என்று செய்தி வந்தால் மாற்ற மறந்துவிட்டோம் என்று தெரியும்.

ஷோர்ட்ஸில் இந்த வழி எதுவும் செல்லாது. 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷோர்ட்ஸ் விவரத்திலும் கொமென்டிலும் போடும் இணைப்புகளைத் தட்ட முடியாது, மோசடிகளைத் தடுக்க யூடியூப் எடுத்த முடிவு அது. ஷோர்ட்ஸுக்கு `Related video` என்ற இடத்தில் அதே சேலையின் நீளமான காணொளியைக் கொடுத்தோம். ஷோர்ட்ஸ் பார்த்தவர் அதைத் தட்டி அங்கே போய், அங்கே முதல் வரியைத் தட்ட வேண்டும். ஒரு படி கூடுதல்தான், ஆனால் வேறு வழியில்லை.

தொலைக்காட்சி இன்னொரு சிக்கல். வெளிநாட்டில் குடும்பமாக இருந்து பெரிய திரையில் பார்க்கிறார்கள். அதில் விவரத்தைத் திறந்தாலும் வட்ஸ்அப் இணைப்பால் பயனில்லை. சேலை விரிக்கும் அதே இடத்தில் திரையின் மூலையில் கியூஆர் குறியைப் போட்டோம். இருக்கையில் இருந்தே போனைக் காட்டிப் பிடிக்கும் அளவுக்கு அது பெரிதாக இருக்க வேண்டும், போனை எடுத்துத் திறக்கும் நேரம் வரை திரையில் நிற்க வேண்டும். ஒரு நொடி மின்னி மறைந்தால் பயனில்லை.

விற்றுப்போன சேலை

மாற்றத்துக்குப் பிறகு வந்த புதுச் சிக்கலைச் சொல்ல வேண்டும். கைத்தறியில் ஒரே வடிவத்தில் நிறையச் சேலை இருக்காது. காணொளியில் காட்டியது விரைவில் போய்விடும், காணொளியோ பல மாதம் ஓடும். "இந்தச் சேலையின் விலை" என்ற வரியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு "அது முடிஞ்சிட்டு" என்று பதில் போனால் அவர் ஏமாற்றத்தோடு போகிறார். முதல் வரி சொன்னது அந்த நேரத்தில் பொய்யாகிவிட்டது. வரி கண்ணில் படத் தொடங்கியதும் அது சொல்வது சரியாக இருக்கிறதா என்பதும் முக்கியமாகிறது.

வட்ஸ்அப் பிஸ்னஸ் வைத்திருக்கிறவர்களுக்குப் பொருள் பட்டியல் இணைப்பு ஒன்று உண்டு, `https://wa.me/c/9477XXXXXXX` என்ற வடிவில். விற்றதை அங்கே மறைத்துவிட்டால் வரியை மாற்றத் தேவையில்லை. யோசித்துவிட்டு வேண்டாம் என்றோம். பட்டியல் இணைப்பில் குறி போகாது, யார் எங்கிருந்து வந்தார் என்பது தெரியாமல் போய்விடும். அதோடு, ஒவ்வொரு சேலையையும் படமெடுத்துப் பட்டியலில் ஏற்றும் வேலையையும் ராத்தா பார்க்க வேண்டும், தறி வேலைக்கு நடுவில் அது நடக்காது. மாதிரி அடிக்கடி மாறாத கடைக்கு அந்த வழி நல்லது.

இவர்களுக்கு நாங்கள் வைத்தது ஒரு சொல் மாற்றம்தான். கடைசித் துண்டும் போனதும் முதல் வரி இப்படி ஆகும்:

```
இந்தச் சேலை விற்றாயிற்று. இப்போது தறியில் இருப்பவை:
https://wa.me/9477XXXXXXX?text=S07X
```

X என்று முடியும் செய்தி வந்தால், அவர் விற்றுப்போனதை அறிந்தேதான் வந்திருக்கிறார், புதியவற்றின் படங்களை நேராக அனுப்பலாம். சிலர் அதே நிறத்தில் நெய்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள், முன்பு அப்படிக் கேட்க வழியே இருக்கவில்லை. இந்த மாற்றத்தைக் கைபேசியில் ஸ்டூடியோ செயலியிலேயே செய்யலாம், கணினி வேண்டாம். பெட்டி தபாலுக்குப் போகும் அன்றைக்கே ராத்தா வரியை மாற்றிவிடுகிறார். வேலை கூடிய நாட்களில் அது அவருடைய தம்பியின் பொறுப்பு.